பெரியவர் சொல்லாத வாக்கியம்: ஒரு நேர்காணல் எழுத்துப்படியின் நிகழ்வு ஆய்வு

"தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் தலைமடைக்காரர் இரண்டாவது முறை கேட்கலாம்."

கண்மாய்ப் பாசனம் பற்றி நான் எழுதிய கட்டுரையின் தலைப்பில் இந்த வாக்கியத்தைத்தான் வைத்திருந்தேன். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமத்தின் நீர்க்கட்டி சொன்னதாக அது பதிவாகியிருந்தது. மடையைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுபவரே நீர்க்கட்டி. அவர் வாழ்நாள் அனுபவத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்று எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. கட்டுரையோடு அவருடைய குரலையும் சேர்க்கலாம் என்று நினைத்து, அந்த இடத்தை ஒலிப்பதிவில் தேடிப் போனேன். 31ஆவது நிமிடத்தில் 11 நொடிகளுக்குப் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அதன் அடியில், தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பெரியவர் ஏதோ சொல்கிறார். அந்த வாக்கியம் அங்கே இல்லை. பதிவு முழுவதையும் கேட்டேன். எங்கேயும் இல்லை.

கட்டுரை அச்சுக்குப் போகவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். இது எப்படி நேர்ந்தது என்று வரி வரியாகத் தேடியதில் தெரிந்தவற்றையும், அதன் பிறகு வேலை முறையை எப்படி மாற்றினேன் என்பதையும் எழுதுகிறேன்.

என்ன செய்தேன்

பதிவு 52 நிமிடம். திண்ணையில் கைப்பேசியை வைத்து எடுத்தது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளில் அதைக் கொடுத்து முதற்படியை எடுத்தேன். அது படிக்கக் கடினமாக இருந்தது. நிறுத்தற்குறிகள் இல்லை, சொற்கள் ஒட்டியும் உடைந்தும் கிடந்தன, பல வரிகள் பொருளற்று நின்றன. அந்த முதற்படியை அப்படியே ஒரு மொழி மாதிரியிடம், அதாவது கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு நிரலிடம் கொடுத்து, பிழைகளைத் திருத்தி நல்ல எழுத்துத் தமிழில் தரும்படி கேட்டேன். சில நிமிடங்களில் பத்தி பிரித்து, சந்தி சரிசெய்து, சரளமாக ஓடும் செப்பனிட்ட படி வந்தது. ஆங்காங்கே பத்து வரிகளை மட்டும் ஒலியோடு ஒப்பிட்டேன். அவை சரியாக இருந்தன. தெளிவாகக் கேட்ட இடங்களையே நான் தேர்ந்தெடுத்திருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

பிறகு மூன்று நாள் உட்கார்ந்து, ஒலி, முதற்படி, செப்பனிட்ட படி மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்து முழுவதும் ஒப்பிட்டேன். பெரும்பாலான திருத்தங்கள் சரி. தவறானவற்றில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கெட்டுப்போகும் விதம் ஒவ்வொன்றிலும் வேறு.

கலுங்கு மதகானது

கண்மாய் நிரம்பினால் மிகுதி நீர் வழிந்து போகும் இடம் கலுங்கு. வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். மழைக்காலக் கடைசியில் இன்னும் கொஞ்சம் நீரைத் தேக்க வேண்டுமானால், கற்களின் இடைவெளியில் பலகை வைத்து அடைப்பார்கள். பெரியவர் இதைத்தான் விவரித்தார். முதற்படியில் "கலுங்கு" என்பது "கழுகு" என்று விழுந்திருந்தது: கழுகுக் கல்லின் இடையில் பலகை. செப்பனிட்ட படியில் அது "மதகுக் கற்களின் இடையே பலகை வைத்து அடைப்போம்" என்று ஆகியிருந்தது.

மதகு என்பது வயலுக்குத் தண்ணீர் விடும் வழி. கலுங்கு மிகுதி நீரை வெளியேற்றும் வழி. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் அந்தப் பத்தி முழுவதும் வேறொரு வேலையைப் பற்றியதாகிவிடும். ஆனால் படிப்பவருக்கு எதுவும் உறுத்தாது. கண்மாய், கரை, மடை என்று பேசும் இடத்தில் மதகு வந்தால் யார் நிற்பார்கள்? "கழுகு" என்று இருந்திருந்தால் நான் நின்றிருப்பேன். இங்கே கழுகு எப்படி வந்தது என்று ஒலியைத் தேடியிருப்பேன். முதற்படியின் பிழை அசிங்கமாக இருந்தது. அதனாலேயே கண்ணில் பட்டிருக்கும். செப்பனிட்டது பிழையை நீக்கவில்லை, பிழை இருப்பதற்கான அடையாளத்தை நீக்கியது.

பசலி 1962 ஆனது

கரை உடைந்த ஆண்டைப் பெரியவர் "அறுபத்திரண்டாம் பசலி" என்றார். வருவாய்த் துறைக் கணக்கில் இன்றும் உள்ள பசலி ஆண்டு, ஜூலை 1 அன்று தொடங்குவது. அதனோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். நூற்றாண்டை விட்டு அவர் சொன்னது 1362. அதாவது 1952 ஜூலை முதல் 1953 ஜூன் வரை. முதற்படியில் பசலி "பசலை" ஆகியிருந்தது. செப்பனிட்ட படியிலோ "1962ஆம் ஆண்டு மழையில் கரை உடைந்தது" என்று இருந்தது. பத்து ஆண்டு தள்ளிப் போனதோடு, அவர் சொல்லாத மழையும் வந்து சேர்ந்தது.

பெரியவர் 1950இல் பிறந்தவர். அதற்கு நான்கு வரிக்கு முன்னால், கரை உடைந்தபோது தாம் கைக்குழந்தை என்று சொல்லியிருக்கிறார். 1962இல் அவருக்கு 12 வயது. இந்த முரண் என் கண் முன்னாலேயே இருந்தது. நடை சரளமாக இருந்ததால் கடந்து போய்விட்டேன். அதற்கு நான்தான் பொறுப்பு.

மாட்டோம் மட்டும் ஆனது

என்னை அதிகம் கலங்க வைத்தது இதுதான். குமிழி மடை கண்மாய்க்கு உள்ளே, நீருக்கு அடியில் இருக்கும். நீந்திப் போய், முங்கி, அடைப்பை எடுத்தால்தான் தண்ணீர் பாயும். திறந்தவுடன் நீர் இழுக்கும். ஆகவே இரவில் அதைத் திறக்க மாட்டோம் என்றார். "மாட்டோம்" என்பதை மென்பொருள் "மட்டும்" என்று எழுதியது: "ராத்திரி குமிழியத் திறக்க மட்டும்". இது வாக்கியமாக நிற்கவில்லை. மொழி மாதிரி அதை நிற்க வைத்தது: "இரவில் மட்டும் குமிழி மடையைத் திறப்போம்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. புதிதாகக் கலைச்சொல் எதுவும் நுழையவில்லை. ஒரு சொல் இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்தது, ஒரு வினைமுற்று மாறியது. உயிருக்கு ஆபத்து என்று அவர் விலக்கிய செயல், அவர்களுடைய வழக்கமாகப் பதிவாகிவிட்டது. தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வினையின் கடைசியில் வருகிறது. பேசும்போது குரல் தாழ்ந்து தேய்வதும் அந்தக் கடைசி அசைதான். மென்பொருள் தவறவிடுவதற்கு மிகவும் வாய்ப்புள்ள இடத்திலேயே பொருளின் திருகாணி இருக்கிறது.

ஏன் இப்படி நேர்கிறது

இந்த முறையில் மொழி மாதிரிக்கு ஒலி கேட்பதில்லை. அதன் கையில் இருப்பது முதற்படி எழுத்து மட்டுமே. அதைப் பார்த்துக்கொண்டு, அடுத்து வரத்தக்க சொல்துண்டு எது என்று ஒவ்வொன்றாகக் கணித்து எழுதுகிறது. நாம் அதைத் திருத்தம் என்கிறோம். உண்மையில் அது பிரதி முழுவதையும் புதிதாக எழுதுகிறது. சரியாக இருந்த சொல்லும் அப்படியே தூக்கி வைக்கப்படுவதில்லை; அதுவும் மறுபடி கணிக்கப்பட்டே வருகிறது. முதற்படி தெளிவாக இருக்கும் இடத்தில் கணிப்பு அதையே பின்பற்றும். அது சிதைந்திருக்கும் இடத்தில் பின்பற்ற எதுவும் இல்லை. அங்கே மாதிரி தான் படித்த கோடிக்கணக்கான வாக்கியங்களின் பழக்கத்தின் மேல் சாய்கிறது. இந்தச் சூழலில் பொதுவாக என்ன வரும் என்பதே அதற்கு விடை.

அதனால்தான் அரிய சொல் தோற்கிறது. "மதகு" எத்தனையோ செய்தித்தாள்களில் வந்திருக்கும். "கலுங்கு" அந்த அளவுக்கு வந்திருக்காது. நான்கு இலக்க ஆங்கில ஆண்டு எங்கும் இருக்கிறது. பசலி கிராமக் கணக்கில் இருக்கிறது. வட்டாரச் சொல், ஊர்ப்பெயர், தொழிற்சொல், பழைய அளவை என்று நேர்காணலில் எதற்காகப் போனோமோ, அதுதான் முதலில் அழிகிறது.

இதோடு நான் கொடுத்த பணியும் சேர்ந்தது. நல்ல எழுத்துத் தமிழில் தா என்று கேட்டேன். "இந்த இடம் புரியவில்லை" என்பது நல்ல எழுத்துத் தமிழ் வாக்கியமாக எண்ணப்படாது. முழுமையான, சரளமான விடையை மனிதர்கள் விரும்புகிறார்கள் என்ற அடிப்படையில் பயிற்றப்பட்ட மாதிரி, இடைவெளியை இடைவெளியாக விட்டுவைக்கத் தானாக முன்வருவதில்லை.

தெரியாதவர் பலர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளின் உள்ளேயும் ஒரு மொழிக் கணிப்பு இருக்கிறது. விஸ்பர் போன்றவை ஒலியை 30 நொடித் துண்டுகளாக எடுத்து, எழுத்தைக் கணித்தே எழுதுகின்றன. 2024இல் வெளியான ஓர் ஆய்வு, விஸ்பர் எழுதிய துண்டுகளில் சுமார் 1 சதவீதத்தில் ஒலியில் எந்த வடிவிலும் இல்லாத சொற்றொடர்களோ முழு வாக்கியங்களோ இருந்ததைக் கண்டது. பேச்சில் நீண்ட இடைவெளி விடுபவர்களின் பதிவுகளில் அது கூடுதலாக இருந்தது. ஆகவே முதற்படியும் முழுச் சான்று அல்ல. சான்று ஒலி ஒன்றே.

வழக்கமான அளவுகோலும் இதைக் காட்டிக்கொடுக்காது. மாறிய, விடுபட்ட, கூடிய சொற்களை எண்ணிப் பிழை விகிதம் போடுவார்கள். மாதிரி நூறு சிறு பிழைகளைச் சரிசெய்து, மூன்று சொற்களைக் கற்பனையாகச் சேர்த்தால் விகிதம் குறைந்தே காட்டும். அந்த மூன்றில் ஒன்று "மாட்டோம்" என்பது கணக்கில் தெரியாது.

2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர் கண்டறிந்ததும் இதே குணமுள்ள பிழை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர்கள், கோப்பைச் சுருக்குவதற்காக ஒத்த வடிவத் துண்டுகளை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் போட்டன. ஒரு கட்டட வரைபடத்தில் 21.11 சதுர மீட்டர் அறை 14.13 என்று அச்சாகி வந்தது. எழுத்து மங்கவில்லை. மங்கியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

இப்போது எப்படிச் செய்கிறேன்

முதல் மாற்றம், மாதிரியிடம் பிரதியைத் திரும்ப எழுதச் சொல்வதை நிறுத்தியது. இப்போது கேட்பது திருத்தப் பட்டியல் மட்டும்: எந்த வரி, அங்கே உள்ள சொல், அதற்குப் பதில் எது, என்ன வகைத் திருத்தம். நிறுத்தற்குறி, சொல் பிரிப்பு, இரட்டித்த சொல்லை நீக்குதல் ஆகிய மூன்று வகைகளை நிரல் தானே ஏற்றுக்கொள்ளும். ஒரு சொல்லுக்குப் பதில் வேறொரு சொல் என்றால், நேரக்குறிப்போடு எனக்கான வரிசையில் நிற்கும். நான் கேட்ட பிறகே உள்ளே போகும். பட்டியலில் சொன்ன பழைய சொல் அந்த வரியில் அச்சு மாறாமல் இல்லையென்றால் அந்தத் திருத்தம் தள்ளுபடி. இதனால் சொற்களை இடம் மாற்றும் வழியே அடைபட்டது. "மட்டும்" இனி நடந்து போக முடியாது. வரி எண்ணிக்கை முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். ஒரு தடவைக்கு 25 வரிக்கு மேல் கொடுப்பதில்லை. நீளமாகக் கொடுத்தால் சுருக்கவும் இணைக்கவும் தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது மாற்றம் தமிழுக்கே உரியது. இதுதான் என் வேலையில் அதிகப் பலன் தந்தது. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்குவதையும் பிழை திருத்துவதையும் நான் ஒரே படியில் செய்தேன். அப்படிச் செய்தால் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லும் வடிவம் மாறும். எந்த மாற்றம் வெறும் வடிவ மாற்றம், எது கற்பனை என்று ஒப்பிடவே முடியாது; உண்மையான பிழை அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும். இப்போது முதலில் பேச்சு வடிவத்தை மாற்றாமல் பிழை மட்டும் திருத்துகிறேன். அது ஒலியோடு சரிபார்க்கப்பட்டு மூடப்பட்ட பிறகே, தனியான இரண்டாவது வேலையாக எழுத்துத் தமிழாக்கம் நடக்கிறது. பேச்சு வடிவத்திலேயே நின்றால், செப்பனிட்ட வரியில் முதற்படியில் இல்லாத சொல் எது என்று ஒரு சிறிய நிரலே சொல்லிவிடும்:

```python
import re, unicodedata

def sorkal(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    return re.findall(r"[\u0B80-\u0BFF]+|\d+", s)

def pudhiyavai(mudhal, seppam):
    pazhaiya = set(sorkal(mudhal))
    return [w for w in sorkal(seppam) if w not in pazhaiya]
```

`normalize` வரியை விட்டுவிடாதீர்கள். "கொ" போன்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு வேறு சொற்கள். பழைய பிரதியில் இந்த நிரலை ஓட்டியபோது மதகும் 1962உம் உடனே வந்து நின்றன. "மட்டும்" வரவில்லை, ஏனென்றால் அது முதற்படியிலும் இருந்த சொல். "திறப்போம்" வந்தது, ஆனால் வெறும் வினை வடிவம்தானே என்று நானே தள்ளிவிட்டிருப்பேன். ஆகவே எண்களையும் எதிர்மறைகளையும் தனியாக எடுத்து வைக்கிறேன். மாட்டோம், இல்லை, கூடாது, வேண்டாம் ஆகியவை ஒரு வரியில் இருந்து மறைந்தாலோ புதிதாகத் தோன்றினாலோ, "மட்டும்" எங்கே வந்தாலும், அந்த இடத்தை ஒலியில் கேட்காமல் விடுவதில்லை.

மூன்றாவது மாற்றம், கேட்காத இடத்துக்கு ஒரு குறி. ஒலி தெளிவில்லாத இடங்களில் `[கேட்கவில்லை 31:08]` என்று மாதிரியிடம் கொடுப்பதற்கு முன்பே நான் இட்டுவிடுகிறேன். உள்ளே போன குறிகளின் எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு முழுவதும் திருப்பி அனுப்பப்படும். நம் பதிப்பாசிரியர்களுக்கு இது புதிதல்ல. 1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றின் 400 பாடல்களில் 267, 268 கிடைக்கவில்லை. சிதைந்த அடிகளும் பல. அவற்றை யாப்புக்குப் பொருந்த நிரப்பும் புலமை அவருக்கு இருந்தது. இன்றும் அந்த இடங்களில் நாம் காண்பது புள்ளிகளைத்தான்.

கலைச்சொல் பட்டியல் கொடுத்தால் போதாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். கொடுக்கிறேன், கலுங்கு, குமிழி, மறுகால், பசலி எல்லாம் அதில் உண்டு. உதவுகிறது. ஆனால் பட்டியலுக்கும் இழுப்பு உண்டு. "கலங்கி" என்று பெரியவர் தெளிவாகச் சொன்ன இடத்தில், நீர் கலங்கியதைச் சொன்ன இடத்தில், பட்டியல் கொடுத்த பிறகு "கலுங்கு" வந்து உட்கார்ந்தது. பட்டியலில் உள்ள சொல் என்பதற்காக எந்தத் திருத்தத்தையும் கேட்காமல் ஏற்பதில்லை.

விடையில் தற்செயல் வராதபடி அமைப்பை 0வில் வைத்தால் கற்பனை நிற்கும் என்றும் சொல்வார்கள். நிற்காது. ஒவ்வொரு முறையும் அதே கற்பனை வரும், அவ்வளவுதான். இரண்டு மாதிரிகள் ஒன்றுபோல எழுதுவதும் சான்று ஆகாது. இரண்டும் ஒரே வகையான எழுத்தைப் படித்து வளர்ந்தவை. அவை வேறுபடும் இடத்தில்தான் பயன்: அங்கே போய்க் கேட்க வேண்டும் என்று தெரிகிறது.

புதிய மாதிரி எதையும் பயன்படுத்தும் முன் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கையால் எழுதிச் சரிபார்த்த ஐந்து நிமிடப் பிரதியை எடுத்து, பத்துச் சொற்களை நானே சிதைப்பேன். சிலவற்றைப் பொருளற்ற எழுத்தாக்குவேன், சிலவற்றை நீக்குவேன். பிறகு செப்பனிடக் கொடுத்து, எத்தனை இடத்தில் "தெளிவில்லை" என்று வருகிறது, எத்தனை இடத்தில் நல்ல சொல் ஒன்று வருகிறது என்று எண்ணுவேன். நல்ல சொல் வந்து, அது தற்செயலாகச் சரியாக இருந்தாலும், அதையும் தவறு என்றே குறிக்கிறேன். அதற்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இவ்வளவு செய்தும் ஒன்று மிஞ்சுகிறது. பேச்சு மென்பொருளே முதற்படியில் சரளமான தவறான சொல்லை எழுதிவிட்டால், ஒப்பிட எதுவும் இல்லாததால் என் வடிகட்டிகள் எதிலும் அது சிக்காது. அதற்காக, மேற்கோளாக எடுக்கும் ஒவ்வொரு வரியையும் ஒலியில் கேட்டே எடுக்கிறேன். முழுப் பிரதிக்கும் அது முடியாது, மேற்கோளுக்கு முடியும்.

அந்த 11 நொடி

இரண்டு மாதம் கழித்து மீண்டும் அந்த ஊருக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கட்டுரைத் தலைப்பில் வைத்திருந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டி, "இப்படி ஒரு முறை உங்கள் ஊரில் உண்டா ஐயா?" என்றேன்.

"இல்லை தம்பி" என்றார். "எங்கள் ஊரில் கரைவாரியாகத்தான் முறை. அந்தப் பேச்சே வேறு." அதை விளக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். அந்த விளக்கத்தில் தலைமடையும் கடைமடையும் நான் எழுதியபடி இல்லை.

பிறகு அவர் காதில் காதொலிப்பானைப் பொருத்தி 31ஆவது நிமிடத்தைப் போட்டேன். மூன்று முறை கேட்டார். பேரனிடம் பேசியது என்றார். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போய்க் கட்டச் சொன்னாராம். முதற்படியில் அந்த இடத்தில் இருந்தது "தண்ணி கட போய் கட" என்ற நான்கு துண்டுகள். அதிலிருந்துதான் ஒரு பாசனச் சட்டம் முளைத்திருக்கிறது.

பதிவகத்துக்குக் கொடுத்த பிரதியில் அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: `[31:08–31:19 மோட்டார் சத்தம்; பேரனிடம் ஆட்டைப் பற்றிப் பேசுகிறார், பின்னர் அவரே கேட்டுச் சொன்னது]`.